பார்சல் அன்றே கிளம்ப வேண்டுமென்றால்: 12 மணிக் கெடுவா, 2 மணிக் கெடுவா, 4 மணிக் கெடுவா?

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் இணையம் வழியாகப் பட்டுப் புடவையும் குத்துவிளக்கும் விற்கிற சிறு வணிகர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "இன்று ஆர்டர் செய்தால் இன்றே அனுப்புவோம்" என்று எழுதிவிட்டோம். அதற்கு எத்தனை மணி வரை வரும் ஆர்டரை ஏற்பது, பேக்கிங் ஆட்களை எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்பதே அந்தக் கேள்வி. பெரும்பாலோர் இந்த இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். வாடிக்கையாளருக்குச் சொல்லும் கெடு நேரத்தைப் பக்கத்துக் கடையைப் பார்த்து வைக்கிறார்கள். ஆட்கள் வரும் நேரம், கடை திறக்கும் நேரமாகவே இருந்துவிடுகிறது. பார்சல்கள் ஒரு நாள் தங்கிப்போவதற்கு இந்தப் பிரிவினையே முதல் காரணம் என்பது என் கருத்து. இரண்டையும் ஒரே கணக்கில், அதுவும் பின்னாலிருந்து முன்னால் வரும் கணக்கில், போட வேண்டும்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

கணக்கு தொடங்க வேண்டிய இடம் உங்கள் கடையன்று. கூரியர் கிளையிலிருந்து இரவு லோடு வண்டி கிளம்பும் நேரம். அந்த வண்டிக்கு முன் கிளையில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பையில் கட்ட வேண்டும். அதற்காகக் கிளை ஒரு நேரத்துக்குமேல் பார்சல் வாங்காது. அதற்கு முன்பாகப் பிக்கப் எடுக்கும் பையன் உங்கள் தெருவுக்கு வந்து, மற்றக் கடைகளையும் முடித்துக்கொண்டு கிளைக்குத் திரும்ப வேண்டும். ஆகவே முதல் அளவுகோல், பிக்கப் வருகிற நேரம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பிக்கப் ஒரு குறிப்பிட்ட மணிக்கு வருவதில்லை. ஒரு இடைவெளிக்குள் வருகிறது. சராசரியாக ஐந்தே கால் மணிக்கு வருகிறார் என்று எடுத்துக்கொண்டு திட்டமிட்டால், நாலரைக்கே வந்து நிற்கிற நாள்களிலெல்லாம் பார்சல் தங்கிவிடும். எனவே இரண்டு வாரம் அவர் வந்த நேரத்தைக் குறித்து வைத்து, அவற்றுள் மிக முந்திய நேரத்தையே கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது அளவுகோல், கெடு முடியும் நொடியில் மேசையில் எத்தனை பார்சல் கட்டப்படாமல் கிடக்கிறது என்பது. "ஒரு புடவையைக் கட்ட 6 நிமிடம்தானே, நாலு மணிக்கு வந்த ஆர்டரை நாலே காலுக்குள் அனுப்பிவிடலாம்" என்று பலர் சொல்வார்கள். அந்த ஒரு ஆர்டர் மட்டும் இருந்தால் அது சரி. அதற்கு முன் 15 ஆர்டர்கள் வரிசையில் இருந்தால், ஒருவரே கட்டும்போது அதன் முறை வரவே ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மூன்றாவது, வேலை நேரச் சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை வைக்கிறது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்குவதானால் இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். உணவு இடைவேளையை எங்கே வைப்பது என்பதை இந்த விதியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கடைசி அளவுகோல், கெடுவைத் தள்ளி வைப்பதால் கூடுதலாக எத்தனை ஆர்டர் அன்றே கிளம்புகிறது, அந்த வேகத்தால் வாங்குபவருக்கு உண்மையில் பயன் உண்டா என்பது.

## கணக்குக்கு ஒரு கடை

கும்பகோணத்தில் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். திருபுவனம் பட்டும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் விற்கிறது. நாளொன்றுக்கு 60 ஆர்டர். அவற்றில் 48 புடவை, 12 விளக்கு. பேக்கிங்குக்கு இருவர், ஆர்டரைச் சரிபார்த்து பில்லும் லேபிளும் எடுக்க ஒருவர். புடவைக்கு 6 நிமிடம் போதும். விளக்குக்கு 15 நிமிடம் தேவை; ஏனென்றால் அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியிலுள்ள அன்னம் எல்லாவற்றையும் திருகிக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, ஒன்றோடொன்று உரசாமல் அட்டைப் பெட்டிக்குள் இறுக்கி வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் இருவரும் மணிக்கு ஏறத்தாழ 15 பார்சல் முடிப்பார்கள். 60 பார்சலுக்கு 4 மணி நேரம் வேண்டும்.

ஆர்டர்கள் வரும் போக்கு இப்படி: மாலை 4 மணி முதல் மறுநாள் காலை 9 மணி வரை 29. பிறகு ஒவ்வொரு மணி நேரத்திலும் முறையே 3, 5, 6, 5, 4, 4, 4 என்று மாலை 4 மணி வரை 31. பிக்கப் வருவது நாலரைக்கும் ஆறுக்கும் இடையில். கிளை பார்சல் வாங்குவது ஆறே முக்கால் வரை. லோடு வண்டி கிளம்புவது ஏழரைக்கு. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். அவற்றை இதே இடங்களில் போட்டுப் பார்க்கலாம்.

## வழி ஒன்று: 12 மணிக் கெடு, 9 மணித் தொடக்கம்

முந்தைய நாள் 12 மணிக்குப் பின் வந்த 46 ஆர்டர் காலையிலேயே காத்திருக்கும். 9 மணிக்குத் தொடங்கினால் 12 மணிக்குள் 45 பார்சல் முடிந்துவிடும். மீதி 15-ம் ஒரு மணிக்கு முடியும். 4 மணி நேர வேலை முடிந்து இடைவேளை விடவும் நேரம் சரியாக இருக்கிறது. பிக்கப் வர இன்னும் மூன்றரை மணி நேரம் இருப்பதால் எந்த நெருக்கடியும் இல்லை.

இதன் மறைவான செலவு அந்த மூன்றரை மணி நேரம்தான். கட்டி முடித்த பார்சல்கள் மூலையில் அடுக்கிக் கிடக்க, 12 மணிக்குப் பின் வந்த 17 ஆர்டர் மறுநாளுக்குத் தள்ளப்படுகிறது. நண்பகலுக்கும் மாலைக்கும் இடையில் வாங்குகிறவர் சென்னையில் இருந்தால் அவருக்கு ஒரு நாள் வீணாகிறது. ஆட்களும் பிற்பகலில் செய்ய ஒன்றுமில்லாமல் இருப்பார்கள், அல்லது கடைக்குள் வேறு வேலைக்கு இழுக்கப்படுவார்கள். பிறகு காலையில் அவர்களைத் திரும்பப் பிடிப்பது தனிப்பாடு.

ஆனாலும் சில கடைகளுக்கு இதுவே சரியான வழி. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி போன்ற ஊர்களின் கிளைகளிலிருந்து பார்சல் முதலில் ஒரு சிறு வண்டியில் பெரிய ஊருக்குப் போய், அங்கே இரவு வண்டியில் மாற வேண்டும் என்றால், பிக்கப் பிற்பகலிலேயே முடிந்துவிடும். ஆற்று நீர் கடைமடைக்குக் கடைசியில்தான் வரும். பார்சல் வண்டியோ கடைமடையிலிருந்துதான் முதலில் கிளம்ப வேண்டும். இரண்டரை மணிக்குப் பிக்கப் வரும் ஊரில் இருந்துகொண்டு கும்பகோணத்துக் கடையைப் பார்த்துக் கெடு வைப்பதில் பொருளில்லை. அதேபோல் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் நீர் நிற்கும் நாள்களிலும் கிளைகள் வண்டியை முன்கூட்டியே அனுப்ப முனைவதுண்டு. அந்த நாள்களுக்கு மட்டும் 12 மணிக் கெடுவுக்குத் திரும்பிவிடுவது நல்லது.

## வழி இரண்டு: 2 மணிக் கெடு, 10 மணித் தொடக்கம்

10 மணிக்கு ஆட்கள் வரும்போது 40 ஆர்டர் தயாராக இருக்கும். ஒரு மணிக்குள் 45 பார்சல் முடியும், இடைவேளை. அந்த ஒரு மணி நேரத்தில் கடைசி ஆர்டர்கள் சேர்ந்து, 2 மணிக்கு மீதி 15 நிற்கும். 3 மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். பிக்கப்புக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம். வழி ஒன்றோடு ஒப்பிட்டால், ஒரு ஆள்கூடக் கூட்டாமல், ஒரு மணி நேரம்கூட அதிகம் உழைக்காமல், 9 ஆர்டர் ஒரு நாள் முன்னால் கிளம்புகிறது.

கெடு முடியும் நேரமும் உணவு இடைவேளை முடியும் நேரமும் ஒன்றாக அமைவது இங்கே பெரிய வசதி. திரும்பி வரும்போது வரிசை முழுமையாக இருக்கும். லேபிள் எடுப்பவர் அந்த மீதியை ஒரே கட்டாக எடுத்துத் தந்துவிடலாம். அவரை மட்டும் காலையிலும் அரை மணி முன்னதாக, ஒன்பதரைக்கே வரச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் பத்து மணிக்கு வந்த இருவரும் முதல் லேபிள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இதன் பலவீனம் கூட்ட நாள்களில் தெரியும். ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரங்களிலும் தீபாவளிக்கு முன்பும் 60 ஆர்டர் 90 ஆகிவிட்டால் வேலை 6 மணி நேரமாகும். 10 மணிக்குத் தொடங்கினால் முடிவது 5 மணிக்கு. நாலரைக்குப் பிக்கப் வந்துவிட்டால் 7, 8 பார்சல் தங்கிவிடும். இந்த நிலையில் பலர் முதலில் கெடுவை முன்னால் இழுக்கிறார்கள். அது தவறான பக்கத்தைத் திருத்துவது. 90 ஆர்டரில் பாதிக்குமேல் காலையிலேயே கைக்கு வந்துவிட்டவை. ஆகவே தொடக்கத்தை 9 மணிக்கு மாற்றினால் போதும், 4 மணிக்கு முடிந்துவிடும். கெடுவை வாடிக்கையாளர் பார்க்கிறார், தொடக்க நேரத்தை அவர் பார்ப்பதில்லை. மாற்ற வேண்டியது வெளியே தெரியாததைத்தான்.

## வழி மூன்று: 4 மணிக் கெடு, 11 மணித் தொடக்கம்

சாதாரண நாளில் தாளில் இதுவும் நன்றாகவே தெரிகிறது. 11 முதல் 2 வரை 45 பார்சல், இடைவேளை, 3 மணிக்கு மீண்டும் தொடங்கி நாலே காலுக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிக்கப் வருவதற்குக் கால் மணி நேரம் இருக்கிறது. வழி இரண்டைவிட 8 ஆர்டர் கூடுதலாக அன்றே கிளம்பும்.

அந்தக் கால் மணி நேரம் எதையும் தாங்காது. பிரிண்டரில் லேபிள் சுருள் தீர்ந்துபோவது, ஒருவர் விடுப்பில் இருப்பது, ஒரு முகவரியில் பின்கோடு தவறாக இருப்பது, இவற்றில் ஒன்று போதும். கூட்ட நாளில் வேலை முடிய 6 மணி ஆகும். அப்போது பிக்கப்பை நம்ப முடியாது. கடையிலிருந்து ஆறே முக்காலுக்குள் கிளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான். இங்கே செலவுகள் வரிசையாக வரும். ஆட்டோ வாடகை கண்ணுக்குத் தெரிவது. ஒரு ஆள் ஒரு மணி நேரம் வெளியே போவது அவ்வளவாகத் தெரியாதது. கிளை வாசலில் அதே நேரத்துக்கு ஊரிலுள்ள மற்றக் கடைகளின் மூட்டைகளும் வந்து நிற்கும் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆறரைக்கு நீங்கள் கொடுத்த பார்சல் அன்றிரவுப் பையில் ஏறியது என்பதற்கு உறுதியில்லை. கையில் வாங்கியதற்கு ரசீது இருக்கும், வண்டியில் ஏறியதற்கு இருக்காது.

இன்னொன்று, இந்தக் கூடுதல் 8 ஆர்டர் எங்கே போகிறவை என்று பார்க்க வேண்டும். சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் ஆர்டர் ஒரு இரவு முன்னால் கிளம்பினால் மறுநாளே கைக்குக் கிடைக்கலாம். கொல்கத்தாவுக்கோ டெல்லிக்கோ பல நாள் பயணமாகப் போகும் பார்சலுக்கு ஒரு மாலை முன்பின் என்பதை வாங்குபவர் அவ்வளவாக உணரமாட்டார். அதற்கும் மேலாக, வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் அனுப்பினால் இ-வே பில் எடுக்க வேண்டும்; மொத்தமாகப் பட்டு கேட்டு மூன்றே முக்காலுக்கு வரும் ஆர்டரை நான்கு மணிக் கெடுவுக்குள் அடக்க நினைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

கூரியர் கிளைக்கு நடந்துபோகும் தூரத்தில் கடை இருக்கிறது, ஆர்டரில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்குள், பொருள் எல்லாம் புடவை போலத் தட்டையானவை, மாலைப் பொறுப்பை ஏற்க நம்பகமான ஒருவர் இருக்கிறார் என்றால் இந்த வழி பொருந்தும். நான்கில் ஒன்று குறைந்தாலும் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

## மூன்றையும் அருகருகே

| | 12 மணி / 9 மணி | 2 மணி / 10 மணி | 4 மணி / 11 மணி |
|---|---|---|---|
| பகலில் வந்து அன்றே கிளம்பும் ஆர்டர் (காலை 9 மணிக்குப் பின்) | 14 | 23 | 31 |
| சாதாரண நாளில் முடியும் நேரம் | 1.00 | 3.00 | 4.15 |
| பிக்கப்புக்கு மிஞ்சும் நேரம் | மூன்றரை மணி | ஒன்றரை மணி | கால் மணி |
| 90 ஆர்டர் வந்தால் | 4 மணிக்குள் முடியும் | 9 மணிக்குத் தொடங்கினால் முடியும் | கிளைக்குக் கொண்டுபோக வேண்டும் |
| மறைவான செலவு | வெறும் பிற்பகல் | லேபிள் எடுப்பவர் முன்னதாக வர வேண்டும் | ஆட்டோ, ஆள், தவறும் வாக்கு |

## பொருளுக்கேற்ற இரட்டைக் கெடு

இந்தக் கடைக்கு நான் தேர்ந்தெடுப்பது இரண்டாம் வழியின் ஒரு திருத்தம். மூன்று வழிகளும் எல்லாப் பொருளுக்கும் ஒரே கெடு என்று எடுத்துக்கொண்டன. நேரத்தைத் தின்பது விளக்கு, புடவை அன்று. விளக்குக்கு 12 மணி, புடவைக்கு 3 மணி என்று பிரித்துவிட்டு, 10 மணித் தொடக்கத்தை அப்படியே வைத்துப் பாருங்கள். 12 விளக்குக்கு ஆகும் நேரம் 180 நிமிடம். பத்திலிருந்து ஒரு மணி வரை ஒருவருடைய வேலை அதுவே. அதே நேரத்தில் மற்றவர் 30 புடவையை முடித்துவிடுவார். இடைவேளைக்குப் பின் மிஞ்சுவது 18 புடவை. இருவரும் சேர்ந்து கட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆகிவிடும். இரண்டிலிருந்து மூன்று வரை வரும் சில ஆர்டர்களும் அதற்குள் அடங்கி, மூன்று மணி தாண்டிச் சில நிமிடங்களில் மேசை காலியாகும். ஒன்றரை மணி நேர மிச்சம் ஏறக்குறைய அப்படியே இருக்க, புடவைக்கு மட்டும் கெடு ஒரு மணி நேரம் பின்னால் போயிருக்கிறது. 90 ஆர்டர் வரும் நாளிலும் 9 மணிக்குத் தொடங்கினால் 4 மணிக்குள் முடிந்துவிடும்.

இதன் விலை, கடைப் பக்கத்தில் இரண்டு கெடுவையும் தெளிவாக எழுத வேண்டும் என்பதும், புடவையும் விளக்கும் சேர்ந்த ஆர்டர் விளக்கின் கெடுவையே பின்பற்றும் என்று சொல்ல வேண்டும் என்பதுமே. ஃபால்ஸ் வைத்து பிக்கோ அடித்துத் தரச் சொல்லும் புடவையை எந்தக் கெடுவிலும் சேர்க்கக் கூடாது. அது தையல்காரர் கையில் இருக்கிறது. கெடுவை எழுதும்போது "3 மணிக்குள் ஆர்டர் செய்தால்" என்று எழுதாமல் "3 மணிக்குள் பணம் வந்து சேர்ந்தால்" என்று எழுதுங்கள். பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் ஆர்டர்களுக்கு, கடையிலிருந்து தொலைபேசியில் உறுதி செய்த நேரமே கணக்கு. இந்த ஒரு வரியைச் சரியாக எழுதாததால் எழும் சண்டைகள், பார்சல் உண்மையாகவே தங்கியதால் எழும் சண்டைகளைவிடக் குறைவல்ல.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தப்படும் நாளும் ஒரு விதிவிலக்கு. முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள் என்பதால், லேபிள் எடுப்பவர் மின்சாரம் போகுமுன் கைக்கு வந்த ஆர்டர் எல்லாவற்றுக்கும் லேபிள் எடுத்து வைத்துவிட வேண்டும்; அன்றைய கெடுவும் அந்த நேரமே.

## எங்கே தடுக்கிறது என்று அறிவது எப்படி

பார்சல் தங்கிவிட்டது என்ற புகார் வந்ததும் பேக்கிங் ஆட்களைத் திட்டுவது எளிது. அதற்கு முன் அந்தப் பார்சலின் டிராக்கிங்கில் மூன்று நேரங்களைப் பாருங்கள்: பிக்கப் ஸ்கேன், கிளைக்குள் வந்த ஸ்கேன், கிளையிலிருந்து பை வெளியேறிய ஸ்கேன். லேபிள் எடுத்ததுமே "தயார்" என்று காட்டும் வரி எதற்கும் சான்றாகாது. பெட்டி கடை மூலையில் இருக்கும்போதும் அது அப்படித்தான் காட்டும்.

பிக்கப் ஸ்கேனே மறுநாள் என்றால் தவறு பெரும்பாலும் உங்கள் பக்கம்: பார்சல் தயாராகவில்லை, அல்லது பையன் வந்தபோது ஒப்படைக்கப்படவில்லை. இந்நிலையில் தொடக்க நேரத்தை முன்னால் கொண்டுவர வேண்டும். பிக்கப் ஸ்கேன் அன்று மாலை ஐந்தே முக்கால், வெளியேறிய ஸ்கேன் மறுநாள் மாலை என்றால், உங்கள் மேசையில் எந்தக் குறையும் இல்லை. பிக்கப் தாமதமாகக் கிளைக்குத் திரும்புகிறது, அல்லது கிளையில் பை கட்டும் இடத்தில் தேங்குகிறது. இதற்குக் கெடுவை முன்னால் இழுத்தாலும் ஆட்களை விடியற்காலையில் வரச் சொன்னாலும் பயனில்லை. பையனுடைய சுற்றில் உங்கள் கடை கடைசியில் இருக்கிறதா என்று கேட்டு, சுற்றின் நடுவுக்கு மாற்றச் சொல்லிக் கிளை மேலாளரிடம் பேச வேண்டும். பத்துப் பதினைந்து டிராக்கிங் பக்கங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும். மூன்றாவது வகை ஒன்று உண்டு: பிக்கப் ஸ்கேன் இல்லாமல் கிளை ஸ்கேன் மட்டும் இருக்கும். பையன் வாசலில் ஸ்கேன் செய்யாமல் மூட்டையாக அள்ளிக்கொண்டு போயிருக்கிறார் என்று பொருள். தொலைந்தால் நீங்கள் கொடுத்ததற்கே சான்று இருக்காது. ஆகவே எண்ணிக்கையும் நேரமும் எழுதிய தாளில் அவரிடம் கையெழுத்து வாங்காமல் மூட்டையைத் தராதீர்கள்.

தீபாவளிக்கு முந்தைய இரு வாரங்களில் மற்றொரு சிக்கல் சேரும். பையன் நேரத்துக்கு வருவார், வண்டியில் இடமிருக்காது. புடவைப் பைகளை ஏற்றிக்கொண்டு விளக்குப் பெட்டிகளை "நாளைக்கு எடுத்துக்கிறேண்ணே" என்று விட்டுப் போவார். விளக்குக்குக் கெடு 12 மணி என்று வைத்திருந்தால் ஒரு மணிக்கே பெட்டிகள் தயாராக இருக்கும். அந்த இரு வாரமும் விளக்குக்கு மட்டும் இரண்டு மணியளவில் தனிப் பிக்கப் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்நேரத்தில் வண்டி பெரும்பாலும் காலியாக இருக்கும். பிக்கப் எடுப்பவர் மாறினாலோ அவருடைய சுற்று மாறினாலோ, முதலில் குறித்து வைத்த வருகை நேரங்கள் செல்லாது. மறுபடியும் இரண்டு வாரம் குறித்து, அவற்றில் முந்திய நேரம் எது என்று பார்த்த பிறகே கெடுவைத் தொட வேண்டும்.